ரிவியூ ஒன்றுமே இல்லை: அவுஸ்திரேலியக் கணக்கு வேலைக்கு முதல் புரொபோசல் எப்படி எழுதுவது?

நிலா_வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். ஏஏடி கணக்கியல் படிப்பை முடித்துவிட்டு, புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். வங்கிக் கணக்கிணக்கம், கடன்பட்டோர் பட்டியல் எல்லாம் என் பொறுப்பில்தான். இரவு நேரத்தில் அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தில் வேலை தேடுகிறேன். பல புரொபோசல் அனுப்பியும் ஒரு பதில்கூட வரவில்லை. ப்ரொஃபைலில் ரிவியூ ஒன்றும் இல்லை.

இன்று ஒரு வேலை பார்த்தேன். மெல்பேர்னில் ஒரு சிறிய யோகா நிலையம். விளம்பரத்தில் இருப்பது இவ்வளவுதான்: ஸீரோ என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு மூன்று மாதம் பின்தங்கிக் கிடக்கிறது, கார்டில் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் சேவையில் இருந்து வங்கிக்கு வரும் பணம் இன்வாய்ஸ்களோடு பொருந்தவில்லை, சரிசெய்ய ஒருவர் வேண்டும், மொத்தம் 150 டொலர். கீழே ஒரு கேள்வியும் உண்டு: "இதுபோன்ற வேலை முன்பு செய்திருக்கிறீர்களா?"

நான் வழக்கமாக அனுப்புவது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா, உங்கள் விளம்பரத்தை ஆர்வத்துடன் வாசித்தேன். நான் ஏஏடி முடித்தவள், கடினமாக உழைப்பவள், நேர்மையானவள். எக்செல், குவிக்புக்ஸ், ஸீரோ தெரியும். தளத்துக்குப் புதியவள் என்பதால் குறைந்த விலைக்குச் செய்து தருவேன். தயவுசெய்து ஒரு வாய்ப்புத் தாருங்கள்."

இதில் எதை மாற்ற வேண்டும்?

கொட்டாஞ்சேனை_கோட்

தங்கச்சி, முதல் விஷயம் வேகம். வேலை போட்ட சில நிமிடத்துக்குள் அனுப்ப வேண்டும். ஐம்பது பேர் அனுப்பிய பிறகு போனால் யாரும் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது விலை. 150 போட்டிருந்தால் 60 என்று கேளுங்கள், ரிவியூ வந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம். மூன்றாவது, புரொபோசல் அனுப்பக் காசு கொடுத்து வாங்கும் கனெக்ட்ஸைக் கூடுதலாகக் கட்டி பூஸ்ட் பண்ணுங்கள், பட்டியலில் மேலே வருவீர்கள். எழுத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நல்ல டெம்ப்ளேட் வைத்துக்கொண்டு நிறைய இடத்துக்கு அனுப்பினால் ஏதாவது ஒன்று விழும்.

மருதானை_வரைகலை

நான் ஃபைவரில் லோகோ செய்கிறேன். எனக்கு முதல் ஓடர் வந்தது கிக் படத்தை மாற்றிய பிறகுதான். தலைப்பில் சரியான தேடல் சொற்களைப் போடுங்கள், மூன்று பெக்கேஜ் வையுங்கள், சின்ன வீடியோ ஒன்று போடுங்கள். வாங்குபவர்கள் தாங்களாகவே தேடி வருவார்கள். நான் யாருக்கும் கடிதம் எழுதியதே இல்லை.

நிலா_வெள்ளவத்தை

நன்றி அண்ணா. ஆனால் ஃபைவரில் வாங்குபவர் எங்கள் பக்கத்தைத் தேடி வருகிறார். இங்கே வேலையை அவர் போடுகிறார், நாங்கள் எழுதித்தான் ஆக வேண்டும். கணக்கு வேலைக்குப் படம் போட்டுக் காட்டவும் முடியாது. எனக்குத் தெரிய வேண்டியது அந்தக் கடிதம்தான்.

பேரேடு

தெஹிவளையில் இருந்து வெளிநாட்டுச் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதும் ஒரு சிறிய குழுவை நடத்துகிறேன். அதே தளத்தில் ஆட்களை எடுக்கவும் செய்கிறேன். அதனால் வேலை கொடுப்பவரின் திரை எப்படி இருக்கும் என்பதில் இருந்து தொடங்குகிறேன்.

அவர் புரொபோசல்களைத் திறக்கும்போது முழுக் கடிதமும் தெரியாது. ஒரு பட்டியல் வரும். ஒவ்வொருவருக்கும் படம், பெயர், தலைப்பு, நாடு, கேட்கும் விலை, கடிதத்தின் முதல் ஓரிரு வரிகள். அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் யாரைத் திறப்பது என்று முடிவு செய்கிறார். நிலா, உங்கள் முதல் இரண்டு வரியில் இருப்பது மதிப்புக்குரிய ஐயாவும் ஆர்வமும்தான். பட்டியலில் உள்ள பாதிப் பேரின் முதல் இரண்டு வரியும் அதுவே. பூஸ்ட் பண்ணினால் அதே வரி பட்டியலின் உச்சியில் தெரியும், வேறொன்றும் நடக்காது. ஒரு கனெக்ட் 0.15 டொலர், அதைச் சும்மா எரிக்க வேண்டாம்.

வேகம் பற்றிச் சொன்னது பாதி சரி. முன்னால் போவது உதவும். ஆனால் மெல்பேர்னில் காலை 9 மணிக்குப் போட்ட வேலை நமக்கு விடியற்காலை 4.30, அங்கே கோடைகால நேரம் என்றால் 3.30. அந்த ஓட்டத்தில் நீங்கள் எப்படியும் வெல்ல முடியாது. அவர் எழுதிய பிரச்சினைக்குப் பின்னால் என்ன நடந்திருக்கிறது என்பதை முதல் வரியிலேயே சொன்னால் பத்து மணி நேரம் கழித்துப் போனாலும் திறப்பார்.

சரி, இந்த யோகா நிலையத்தில் என்னதான் நடந்திருக்கும்? மூன்று பேருக்கு இன்வாய்ஸ் போட்டிருக்கிறார் என்று வையுங்கள்: 180, 120, 90. மொத்தம் 390 டொலர். மூவரும் கார்டில் கட்டிவிட்டார்கள். ஸ்ட்ரைப் அந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை வங்கிக்கு அனுப்புகிறது. கட்டணம் 7.50 என்று வைத்தால் வங்கியில் 382.50 என்று ஒரே வரி விழும். ஸீரோ அந்த வரியைக் காட்டி "இது எந்த இன்வாய்ஸ்?" என்று கேட்கிறது. எதோடும் பொருந்தாது. கணக்குப் படிக்காத முதலாளி அப்போது என்ன செய்வார்? 382.50ஐ விற்பனை வருமானம் என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவார்.

இன்வாய்ஸ் போட்டபோதே 390 வருமானமாகப் பதிவாகிவிட்டது. இப்போது 382.50 இரண்டாம் முறையும் வருமானமாக ஏறுகிறது. மூன்று இன்வாய்ஸும் கட்டப்படாமலே நிற்கின்றன. மூன்று மாதம் இப்படி ஓடினால் இலாபம் ஊதிப்போய் இருக்கும், பணம் கட்டி முடித்த மாணவர்கள் எல்லாம் கடன்பட்டோர் பட்டியலில் நிற்பார்கள்.

இதுதான் உங்கள் முதல் வரி. ஒரு கேள்வியாகக் கேளுங்கள்: "ஏற்கெனவே பணம் கட்டிய உங்கள் மாணவர்கள் ஸீரோவில் இன்னும் பாக்கி என்று காட்டுகிறார்களா?" அவர் ஸீரோவைத் திறந்து பார்ப்பார். அங்கே பெயர்கள் இருக்கும். அதற்குப் பிறகு உங்கள் ப்ரொஃபைலில் எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதற்கு முன் உங்களுக்குப் பதில் எழுதவே கை போகும்.

கொட்டாஞ்சேனை_கோட்

அண்ணா, அப்படி எல்லாவற்றையும் கடிதத்திலேயே சொல்லிக் கொடுத்தால் அவர் தானே செய்துகொள்வாரே? அல்லது அதை வைத்து இன்னொருவரிடம் மலிவாகச் செய்விப்பார். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. ஒரு இணையத்தளம் மெதுவாக ஓடுவதற்கான காரணத்தை விளக்கி எழுதினேன், நன்றி என்று சொல்லிவிட்டுக் காணாமல் போய்விட்டார்.

பேரேடு

உங்கள் வேலையில் அது நடக்கலாம் தம்பி. ஒரு வரியை மாற்றினால் தீர்ந்துவிடும் பிரச்சினை என்றால் காரணமே தீர்வு. கணக்கில் காரணம் தெரிந்தாலும் மூன்று மாதத்து வரிகளை ஒருவர் உட்கார்ந்து அவிழ்க்க வேண்டும். அந்த நேரம் யோகா ஆசிரியரிடம் இல்லை. அதனால்தான் விளம்பரமே போட்டார்.

ஆனாலும் எதைச் சொல்வது, எதை விடுவது என்று ஓர் அளவு உண்டு. காரணத்தைச் சொல்லுங்கள். வழியை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்: ஸ்ட்ரைப்புக்கு என்று இடையில் ஒரு கணக்கு திறந்து, இன்வாய்ஸ் பணத்தை முழுத் தொகையாக அதற்குள் போட்டு, கட்டணத்தை அதில் இருந்து செலவாக எடுத்து, மிச்சத்தை வங்கிக்கு மாற்றுவது. 390 உள்ளே போகிறது, 7.50 செலவாகிறது, 382.50 வங்கிக்குப் போகிறது, மீதி பூச்சியம். பூச்சியம் வராவிட்டால் பெரும்பாலும் யாருக்காவது பணம் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், அல்லது மாதக் கடைசிப் பணம் அடுத்த மாதம் வங்கிக்கு வந்திருக்கும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற விளக்கம் எல்லாம் வேண்டாம்.

இனி மாதிரி. ஸீரோவில் டெமோ கம்பனி என்று பயிற்சிக் கணக்கு இலவசமாக இருக்கிறது. அதற்குள் இதே மூன்று இன்வாய்ஸைப் போட்டு, இடைக்கணக்கு திறந்து, பூச்சியமாகும் வரை செய்யுங்கள். அந்தக் கணக்கின் அறிக்கையை ஒரு பக்கப் பிடிஎஃப் ஆக எடுத்துக் கடிதத்தோடு இணையுங்கள். டெமோ கம்பனி 28 நாளில் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், அதனால் செய்த அன்றே சேமித்து வையுங்கள். "இது பயிற்சிக் கணக்கில் செய்தது" என்று பிடிஎஃபின் மேலேயே எழுதிவிடுங்கள். புறக்கோட்டைக் கடையின் உண்மையான கணக்கில் இருந்து ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. பெயரை அழித்துவிட்டாலும் கூடாது. கணக்குக்கு ஆள் தேடுபவர் அதைப் பார்த்தால், நாளைக்குத் தன் கணக்கும் இப்படித்தான் வெளியே போகும் என்று நினைப்பார்.

கடலோரம்

நான் பம்பலப்பிட்டியில் ஒரு சிறிய இணையக் கடை நடத்துகிறேன், அடிக்கடி ஆட்களை எடுப்பேன். பேரேடு அண்ணா சொன்னதில் முதல் வரி விஷயம் முழுக்கச் சரி. விலை பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். 150 போட்ட இடத்தில் ஒருவர் 60 கேட்டால் எனக்குப் பயம்தான் வரும். வேலை எவ்வளவு என்று இவருக்கு விளங்கவில்லை, பாதியில் விட்டுவிட்டுப் போவார் என்றுதான் தோன்றும்.

அதைவிட வேலையை வெட்டிக் கேளுங்கள். 150ஐ மூன்று மைல்ஸ்டோனாகப் பிரித்து, மாதத்துக்கு 50 என்று புரொபோசலிலேயே போடலாம். முதலாம் மாதம் முடிந்ததும் எனக்குப் பிடிக்காவிட்டால் நான் இழப்பது 50தான். ரிவியூ இல்லாத ஒருவரை எடுக்க அதைவிட நல்ல காரணம் வேறு இல்லை. மைல்ஸ்டோனுக்கான பணத்தை வேலை கொடுப்பவர் தளத்தில் கட்டி வைத்த பிறகு மட்டும் தொடங்குங்கள். நீங்கள் ஒப்படைத்த பிறகு அவர் ஒன்றும் செய்யாமல் விட்டாலும் 14 நாளில் அது உங்களுக்கு விடுவிக்கப்படும்.

ஆனால் "நான் புதியவள்" என்று எழுதுவது பற்றி எனக்கு வேறு கருத்து இருக்கிறது. நேராகச் சொல்லிவிடுவது நல்லது. எப்படியும் எனக்குத் தெரியும், சொன்னால் மரியாதை கூடும்.

பேரேடு

இதில் நான் உடன்படவில்லை. தளத்தில் புதியவர் என்பது ப்ரொஃபைலிலேயே தெரிகிறது. கடிதத்தில் அதற்கு ஒரு வரி ஒதுக்கினால், வேலை கொடுப்பவரின் கவனத்தை அவருடைய பிரச்சினையில் இருந்து உங்கள் பிரச்சினைக்குத் திருப்புகிறீர்கள். கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்காமல் ஏன்?

மைல்ஸ்டோன் யோசனை நல்லது. ஒன்று சேர்க்கிறேன்: மிகப் பழைய மாதத்தில் இருந்து தொடங்குங்கள். நடுவில் இருந்து தொடங்கினால் ஆரம்ப மீதி பிழையாக இருக்கும், நீங்கள் சரியாகச் செய்தாலும் கடைசியில் பொருந்தாது. இன்னொன்று, ஒப்பந்தம் மூடப்பட்டால்தான் ரிவியூ வரும். மாதாமாதம் தொடரும் வேலையை இதே ஒப்பந்தத்தில் ஒட்டிவிட்டால் அது ஒரு வருடம் திறந்தே கிடக்கலாம், உங்கள் பக்கம் வெறுமையாகவே இருக்கும். பின்தங்கிய மூன்று மாதம் ஒரு ஒப்பந்தம். அது முடிந்து மூடிய பிறகு, தொடர் வேலைக்கு வேறொன்று.

கடலோரம்

ஒப்பந்தத்தைப் பிரிப்பது சரி. புதியவள் என்று சொல்வதில் நான் மாறப் போவதில்லை. கடைசியாக நான் எடுத்த பிள்ளை அதை முதல் பந்தியிலேயே சொன்னவர்.

மழைநாள்

இடையில் ஒரு கேள்வி. பேபாலில் காசு எடுக்கலாமா?

பேரேடு

இலங்கையில் பேபால் வழியாகப் பணம் பெறுவதை நம்பியிருக்க வேண்டாம். பேயோனியர் வழியாகவோ, தளத்தில் இருந்து நேரடியாக உள்ளூர் வங்கிக் கணக்குக்கோ எடுக்கலாம். பேபாலில்தான் தருவேன் என்று ஒருவர் சொன்னால் அவர் தளத்துக்கு வெளியே கொடுக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிலா_வெள்ளவத்தை

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. டெமோ கம்பனியில் செய்து பார்த்தேன். பேரேடு அண்ணா சொன்ன எண்களைப் போட்டேன், மீதி பூச்சியமாக வந்தது. கடிதத்தையும் புதிதாக எழுதினேன். தமிழில் இது:

"பணம் கட்டி முடித்த உங்கள் மாணவர்கள் ஸீரோவில் இன்னும் பாக்கி என்று காட்டுகிறார்களா? அப்படியென்றால் ஸ்ட்ரைப் அனுப்பும் தொகை இன்வாய்ஸோடு சேராமல், இரண்டாம் முறை விற்பனையாகப் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்ட்ரைப் பல கொடுப்பனவுகளை ஒன்றாக்கி, தன் பங்கைக் கழித்து அனுப்புவதால் வங்கி வரி எந்த இன்வாய்ஸோடும் பொருந்தாது. இடையில் ஒரு ஸ்ட்ரைப் கணக்கு வைத்து இதைத் தீர்க்கலாம். ஸீரோவின் பயிற்சிக் கணக்கில் செய்த ஒரு பக்க உதாரணத்தை இணைத்துள்ளேன்.

மிகப் பழைய மாதத்தில் தொடங்கி, மாதத்துக்கு 50 டொலர் என்று மூன்று மைல்ஸ்டோனாகச் செய்யலாம். ஒவ்வொரு மாதமும் முடியும்போது வங்கி மீதி பொருந்துகிறது என்பதைக் காட்டும் அறிக்கையும், எனக்கு விளங்காத வரிகளின் பட்டியலும் தருவேன். ஜிஎஸ்டி கணக்கிட்டு உங்கள் பி.ஏ.எஸ். அறிக்கையையும் தயாரித்துத் தருவேன்.

தொடங்க முன் தெரிய வேண்டியது ஒன்று: அந்த மூன்று மாதத்தில் யாருக்காவது பணம் திருப்பிக் கொடுத்தீர்களா?"

பேரேடு

நன்றாக வந்திருக்கிறது. கடைசிக் கேள்வி அருமை, வேலை செய்து பார்த்தவருக்குத்தான் அது தோன்றும். ஆனால் ஜிஎஸ்டி வரியை உடனே எடுத்துவிடுங்கள். அவுஸ்திரேலியாவில் காசு வாங்கிக்கொண்டு பி.ஏ.எஸ். என்ற வரி அறிக்கையைத் தயாரித்துத் தாக்கல் செய்வது பதிவு பெற்ற முகவரின் வேலை. நீங்கள் அப்படிப் பதிவு செய்தவர் அல்ல. அதற்குப் பதில் "உங்கள் கணக்காளர் பி.ஏ.எஸ். தயாரிக்கத் தேவையான அளவுக்குக் கணக்கு ஒழுங்காக இருக்கும்" என்று போடுங்கள். அங்கே ஆட்களை எடுத்துப் பழகியவருக்கு அந்த ஒரு வரியிலேயே நீங்கள் எல்லை தெரிந்தவர் என்று விளங்கும்.

"இதுபோன்ற வேலை செய்திருக்கிறீர்களா" என்ற கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். அதற்கான பதிலையும் அவர் கடிதத்தோடு சேர்த்து வாசிப்பார். ஸ்ட்ரைப்போடு செய்ததில்லை என்றால் செய்ததாகச் சொல்லக் கூடாது. "ஒரு மொத்த வியாபாரத்தில் மாதாமாதம் வங்கிக் கணக்கிணக்கம் செய்கிறேன். வாடிக்கையாளர் ஒரே காசோலையில் பல இன்வாய்ஸுக்குச் சேர்த்துக் கட்டும்போது அதைப் பிரித்துப் போடுவது அன்றாட வேலை. ஸ்ட்ரைப் முறையைப் பயிற்சிக் கணக்கில் செய்து பார்த்து இணைத்துள்ளேன்." இது முழு உண்மை, போதுமான பதிலும்கூட.

அனுப்ப முன் அவருடைய பக்கத்தையும் பாருங்கள். பணம் கட்டும் முறை உறுதிசெய்யப்பட்டிருக்கிறதா, இதுவரை போட்ட வேலைகளில் எத்தனைக்கு உண்மையில் ஆளை எடுத்தார் என்று இருக்கும். பழைய ஆட்கள் அவருக்கு எழுதிய ரிவியூக்களை வாசியுங்கள், பல நேரம் அவருடைய முதற்பெயர் அதில் இருக்கும். பெயர் தெரிந்தால் பெயர் சொல்லித் தொடங்கலாம். தெரியாவிட்டால் நேராகக் கேள்வியில் தொடங்குங்கள், ஐயா அம்மா வேண்டாம்.

நிலா_வெள்ளவத்தை

அனுப்பினேன், இன்று காலை பதில் வந்தது! பணம் திருப்பிக் கொடுத்தது உண்மைதானாம், இரண்டு பேருக்கு. பாக்கிப் பட்டியலும் நீளமாக இருக்கிறதாம். அப்புறம் இப்படிக் கேட்கிறார்: "ஸீரோவுக்குள் உங்களைச் சேர்த்துவிடுகிறேன், ஒருமுறை பார்த்து மூன்று மாதத்துக்கு 150 போதுமா என்று சொல்ல முடியுமா?" உள்ளே போகலாமா?

கொட்டாஞ்சேனை_கோட்

போக வேண்டாம். அது இலவச வேலை. உள்ளே போனால் ஒரு மணி நேரம் பார்ப்பீர்கள், ஒரு பட்டியல் போட்டுக் கொடுப்பீர்கள், அவர் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

கடலோரம்

பதில் எழுதிய ஒருவரிடம் இல்லை என்று சொல்வதா? நான் அந்த இடத்தில் இருந்தால் அடுத்தவரிடம் போயிருப்பேன். உள்ளே போய்ப் பத்து நிமிடம் பாருங்கள்.

பேரேடு

ஒப்பந்தம் இல்லாமல் ஒருவரின் கணக்குக்குள் நான் போக மாட்டேன். பிறகு ஒரு வரி மாறியிருந்தால் யார் மாற்றியது என்ற கேள்வி வரும். ஆனால் இல்லை என்று மட்டும் சொல்லி விடவும் வேண்டாம். இரண்டு விஷயம் அனுப்பச் சொல்லுங்கள்: ஸீரோவில் வங்கிக் கணக்கின் பக்கத்தில் எத்தனை வரி இணக்கப்படாமல் இருக்கிறது என்ற எண் தெரியும், அதன் படம். ஏற்கெனவே பிழையாகப் போட்டு முடித்த வரிகள் அந்த எண்ணில் வராது, அதனால் ஸ்ட்ரைப்பில் இருந்து ஒரு மாதத்துப் பட்டியலும் வேண்டும். இரண்டையும் பார்த்தால் 150 போதுமா என்று உங்களுக்கே தெரியும். போதாவிட்டால் முதல் மாதத்தை மட்டும் 50க்குச் செய்து, மற்ற இரண்டுக்கும் அதன் பிறகு விலை பேசலாம் என்று எழுதுங்கள். எல்லாம் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

கடலோரம்

அந்தப் பட்டியலில் மாணவர்களின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும் அண்ணா. உள்ளே போவதைவிட அது எப்படிப் பாதுகாப்பானது?

பேரேடு

நியாயமான கேள்வி. தொகை, கட்டணம், திகதி இருக்கும் நிரல்கள் மட்டும் போதும், மற்றவற்றை அழித்துவிட்டு அனுப்புங்கள் என்று நிலாவே கேட்கலாம். அவர் அதற்கு நேரமில்லை, உள்ளே வந்தே பாருங்கள் என்றால், வாசிக்க மட்டும் அனுமதி தரும்படி கேளுங்கள். ஸீரோவில் அப்படி ஒரு வகை இருக்கிறது. அதில் எதையும் மாற்ற முடியாது, பிறகு யார் மாற்றியது என்ற பேச்சும் வராது.

கொட்டாஞ்சேனை_கோட்

வாசிக்க மட்டும் என்றாலும் அது ஒரு மணி நேர வேலைதான். நான் காசு கேட்டிருப்பேன்.

நிலா_வெள்ளவத்தை

நிரல்களை அழித்து அனுப்பும்படி கேட்டு இப்போது எழுதிவிட்டேன். மெல்பேர்னில் இரவாகிவிட்டது, நாளைக்குத்தான் பதில் வரும். வந்ததும் இங்கே போடுகிறேன்.